"போட்டுக்கலாமா கண்ணு?": காதுகுத்துப் படம் ஒன்று விளம்பரமான நிகழ்வு

கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஆரி வேலைப்பாட்டோடு ப்ளவுஸ் தைக்கும் சிறு கடை. தையலுக்கு இரண்டு பேர், ஆரிக்கு ஒருவர், வாடிக்கையாளரிடம் பேசுவதும் இன்ஸ்டாகிராம் பார்ப்பதும் கடைக்கார அம்மா. இப்படிப்பட்ட கடைகள் பலவற்றில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே கடையில் நடந்ததாகச் சேர்த்து இந்த நிகழ்வை அமைத்திருக்கிறோம். ஆகவே கடைக்கும் ஆட்களுக்கும் பெயர் கிடையாது. சட்டங்களும் வெளிநாட்டு வழக்கும் உள்ளபடியே உண்மை.

நடந்தது

குழந்தையின் காதுகுத்துக்காக ஒரு பெண் பட்டு ப்ளவுஸ் தைத்துக்கொண்டார். விழா முடிந்த இரவு வாட்ஸாப்பில் மூன்று படம் அனுப்பினார். முதல் படத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை, பக்கத்தில் அவர். இரண்டாவதில் அவர் மட்டும் தனியாக நிற்கிறார். மூன்றாவதில் குடும்பமே விழா ஃபிளெக்ஸுக்கு முன்னால் நிற்கிறது. படங்களின் மூலையில் படமெடுத்த ஸ்டுடியோவின் முத்திரை இருந்தது. கூடவே இப்படி எழுதியிருந்தார்:

"ப்ளவுஸ் சூப்பரா வந்துருக்குங்க அக்கா. டெலிவரிக்கு அப்புறம் எந்தத் துணியும் சேரல, கண்ணாடி பாக்கவே பிடிக்காது. இதப் போட்டதும் அழுகையே வந்துருச்சு. கை மட்டும் கொஞ்சம் டைட்டுங்க, அரை இஞ்ச் பிரிக்கணும். ரெண்டு நாள் லேட்டாக் குடுத்தீங்க, பரவால்ல."

கடைக்கார அம்மா நான்கு இதயம் அனுப்பிவிட்டுக் கேட்டார்: "போட்டுக்கலாமா கண்ணு?" கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் காலை முதல் படம் கடையின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஏறியது. மாலையில் அதே படம் இன்ஸ்டாகிராம் பதிவானது. சதுரமாக வெட்டியதில் ஸ்டுடியோ முத்திரை போய்விட்டது. வாடிக்கையாளர் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டாவது பக்கமாகச் சேர்த்தார்கள். கை டைட், இரண்டு நாள் தாமதம் என்ற இரண்டு வரியும் அதில் இல்லை. மேலே இந்த வாசகம்:

"டெலிவரிக்கு அப்புறம் வெயிட் போட்டுட்டீங்களா? கவலை வேண்டாம்! இந்த அம்மாவைப் பாருங்க, குண்டா இருந்தாலும் ஸ்லிம்மா காட்டும் நம்ம கட்டிங்!"

நல்ல வரவேற்பு. அதனால் மூன்றாம் வாரம் அதே படத்தைத் தனியாக ஏற்றிப் பணம் கட்டிச் சுற்று வட்டாரத்துக்கு விளம்பரமாக ஓடவிட்டார்கள். ஆடித் தள்ளுபடிக்குக் கடை வாசலில் வைத்த ஃபிளெக்ஸிலும் அதே முகம். வாடிக்கையாளருக்கு இது எதுவும் தெரியாது. கணவரோடு வேலை செய்யும் ஒருவர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க வீட்ல தானே?" என்று கணவரிடம் கேட்டபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

கட்டைவிரல் எதற்குச் சம்மதம் சொன்னது?

கடைக்கார அம்மா கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. கேட்டார், பதிலும் வந்தது. பிழை கேள்வியில் இருக்கிறது. எந்தப் படம், எங்கே போடப் போகிறோம், எத்தனை நாள், பெயரோடா, எழுதியதையும் சேர்த்தா என்று எதுவுமே "போட்டுக்கலாமா" என்பதில் இல்லை. அந்தப் பெண் ஸ்டேட்டஸை நினைத்துக்கொண்டார். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். கடையின் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும், கடையும் சேமித்து வைத்திருக்கும் ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்ஸ்டாகிராம் பதிவு நீக்கும் வரை இருக்கும், முன்பின் தெரியாதவர்களும் பார்ப்பார்கள். விளம்பரமோ, கடையைத் தேடாதவர் கண்ணிலும் பணம் கொடுத்துக் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறது. ஃபிளெக்ஸ் அவர் தினமும் நடக்கும் தெருவில் நிற்கும். ஒரே கட்டைவிரலை வைத்து நான்கு படி ஏறியிருக்கிறார்கள்.

"கண்ணு" என்ற விளியையும் கவனிக்க வேண்டும். அன்பாகக் கேட்ட ஒருவரிடம் முகத்துக்கு நேரே "வேண்டாங்க" என்று சொல்வது நம் ஊரில் எளிதல்ல. "பாக்கலாங்க்கா", "வீட்ல கேட்டுச் சொல்றேன்", வெறும் சிரிப்புப் பொம்மை, பதிலே இல்லாத நீல டிக் என இவை எல்லாமே பெரும்பாலும் மறுப்புதான். கடை அவற்றை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை நினைவூட்டினால், அடுத்து வரும் சம்மதம் தொல்லை தாங்காமல் வந்தது.

எப்போது கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். ப்ளவுஸ் இன்னும் கடையில் இருக்கும்போதோ, கை பிரிக்கும் வேலை பாக்கியிருக்கும்போதோ கேட்டால், வேண்டாம் என்றால் வேலை தள்ளிப்போகுமோ என்று வாடிக்கையாளர் யோசிப்பார். இங்கே அரை இஞ்ச் பிரிக்கும் வேலை பாக்கி இருந்தது. அதை முடித்துக் கொடுத்து இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்பதே முறை.

"படம் கொடுத்தால் 200 ரூபாய் தள்ளுபடி" என்ற ஏற்பாடு பல கடைகளில் உண்டு. இதில் இரட்டைச் சிக்கல். பணத்தேவையால் வரும் சம்மதம் அரைமனதுச் சம்மதம். அதோடு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளைப் பாராட்டுபவருக்கும் விற்பவருக்கும் இடையே பாராட்டின் நம்பகத்தைப் பாதிக்கக்கூடிய கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதை வெளியே சொல்ல வேண்டும். தள்ளுபடி கொடுத்திருந்தால், "இவருக்குத் தள்ளுபடி கொடுத்தோம்" என்று பதிவிலேயே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் தள்ளுபடியை விட்டுவிடுங்கள்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி

சட்ட மொழி தேவையில்லை. கடைக்கார அம்மா வழக்கமாகப் பேசும் பேச்சிலேயே இப்படி அனுப்பியிருக்கலாம்:

"வணக்கம்ங்க. காதுகுத்துப் படம் அனுப்புனதுக்கு ரொம்ப நன்றி. நீங்க தனியா நிக்கிற ரெண்டாவது படத்த மட்டும் எங்க இன்ஸ்டாகிராம் பக்கத்துல போடலாங்களா? பேரு போட மாட்டோம். காசு கட்டி விளம்பரமா ஓட்ட மாட்டோம், போர்டுலயும் போட மாட்டோம். அப்படி வேணும்னா தனியாக் கேப்போம். கூட எழுதற வரிய மொதல்ல உங்களுக்கு அனுப்பிக் காட்டறோம்.
1 – முகத்தோட போடலாம்
2 – முகம் தெரியாம ப்ளவுஸ் மட்டும்
3 – வேண்டாம்
நம்பர் மட்டும் அனுப்புனாப் போதும். பதில் வரலைன்னா வேண்டாம்னு எடுத்துக்கறோம். பின்னாடி எப்ப எடுக்கச் சொன்னாலும் அன்னிக்கே எடுத்துருவோம்."

எண்ணாகப் பதில் கேட்பதில் காரணம் உண்டு. "வேண்டாம்" என்ற சொல்லைத் தட்டச்சு செய்யத் தயங்குபவரும் 3 என்று அனுப்பிவிடுவார். இரண்டாவது வாய்ப்பும் இதற்காகவே. முழுச் சம்மதம், முழு மறுப்பு என இரண்டை மட்டும் வைத்தால், முகத்தைக் காட்டத்தான் பிடிக்கவில்லை என்பவர்கள் கடையின் மனம் நோகாமலிருக்க முதலாவதைத் தந்துவிடுவார்கள். ஆரி வேலை காட்டுவதற்கு முகம் தேவையே இல்லை. முதுகுக் கழுத்தும் கைப்பட்டையும் தெரியும் படமே அந்தத் தொழிலுக்கு நல்ல படம்.

எழுதிய பாராட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் அதைத் தனிக் கேள்வியாகக் கேட்க வேண்டும். படத்துக்குச் சம்மதித்தவர், இரவில் நெகிழ்ந்து எழுதியதை ஊர் படிக்கச் சம்மதிப்பார் என்று சொல்ல முடியாது. கேட்கும்போது வெளியிடப் போகும் வரிகளை அப்படியே ஒட்டி அனுப்புங்கள்.

பதில் வந்ததும் ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ ஒரு வரி: பில் எண், எந்தப் படம், எங்கே போடலாம், பதில் வந்த தேதி, போட்ட இடங்கள். கடைசிக் கட்டம்தான் பின்னால் கைகொடுக்கும். எடுக்கச் சொன்னால் எங்கெங்கே தேட வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது. கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, விவரம் தெரிந்து, ஐயமில்லாமல் தரப்பட வேண்டும். தந்ததைப் போலவே எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடமைகளில் பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகிறது. சட்டம் முழுமையாக வரட்டும் என்று காத்திருக்கும்படியான வேலை இதில் எதுவும் இல்லை.

சட்டகத்துக்குள் இருக்கும் மற்றவர்கள்

அனுப்பியவர் ஒருவர், படத்தில் இருப்பவர்கள் பலர். முதல் படத்தில் தாய்மாமனும் குழந்தையும் இருக்கிறார்கள். கடை அதைத் தேர்ந்தெடுத்ததே குழந்தை இருந்ததால்தான். குழந்தை இருக்கும் படத்துக்கு விருப்பக்குறி கூடுதலாக விழும். ஆனால் அந்தக் குழந்தைக்கும் ப்ளவுஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேலே சொன்ன சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். அவர்களைப் பற்றிய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். துணி விற்கும் கடை குழந்தையை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தைப் போடுவதே நேர்வழி. முகத்தை மங்கலாக்குவது நன்றாக இருக்காது. குற்றச் செய்திப் படம்போல் ஆகிவிடும், அந்தக் குடும்பத்துக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

மூன்றாவது படத்தில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பின்னால் நிற்கும் விழா ஃபிளெக்ஸில் குழந்தையின் பெயர், தாத்தா பாட்டி பெயர், குலதெய்வக் கோயில், மண்டபம், தேதி, சிலவற்றில் கைபேசி எண்கூட இருக்கும். "பெயர் போட மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போட்டால் குடும்ப விவரம் முழுவதும் வெளியே போய்விடும். படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, நான்கு மூலையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். வண்டி எண், வீட்டுக் கதவிலக்கம், மொய்ப் பட்டியல் என எதுவும் மாட்டலாம்.

அடுத்தது ஸ்டுடியோக்காரர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதனால் காதுகுத்துக்குப் பணம் கொடுத்தது யார், ஸ்டுடியோவின் புக்கிங் தாளில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். உரிமை குடும்பத்திடம் இருந்தாலும், எடுத்தவர் தாம்தான் எடுத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆம் பிரிவில் தனியாக நிற்கிறது. முத்திரையை வெட்டியது அந்த வகையிலும் தவறு; ஒருவரின் கைவேலையிலிருந்து பெயரை எடுப்பது என்ற வகையில் அதைவிடப் பெரிய தவறு. ஆரிக்காரரின் உழைப்பை வேறு கடை தன்னுடையதாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று அந்தக் கடைக்கே தெரியும். சதுரமாக வெட்டியே ஆக வேண்டுமானால், ஸ்டுடியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் "படம்:" என்று எழுதி அவர்கள் பக்கத்தைச் சேர்க்க வேண்டும்.

எடுத்தவரின் அனுமதியும் படத்தில் இருப்பவரின் அனுமதியும் வேறு வேறு என்பதை 2007-இல் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் டெக்சாஸில், தேவாலயக் குழு ஒன்று கார் கழுவிய நிகழ்ச்சியில் பதின்வயதுப் பெண் ஒருவரை எடுத்த படம் ஃபிளிக்கரில் ஏறியது. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இருந்தது. ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் நிறுவனம் அதை எடுத்து, "பேனா நண்பரைக் கழற்றிவிடு" என்ற பொருள்பட ஒரு வாசகம் சேர்த்துப் பேருந்து நிறுத்த விளம்பரமாக வைத்தது. அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. குடும்பம் வழக்குப் போட்டது. 2009-இல் டெக்சாஸ் நீதிமன்றம் தனக்கு அந்த நிறுவனத்தின் மேல் அதிகார வரம்பு இல்லை என்று தள்ளுபடி செய்தது; செய்தது சரியா தவறா என்று தீர்ப்பு வரவே இல்லை. உரிமம் கையில் இருந்தும் அந்த விளம்பரம் ஏன் அப்படிப் புண்படுத்தியது என்பதற்கு, படத்தின் மேல் இருந்த அந்த வாசகத்தைப் படித்தாலே போதும். தெரியாத ஒருவர் அந்தப் பெண்ணைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்.

வெட்டியதும் விட்டதும்

கடை போட்ட பாராட்டை மறுபடி பாருங்கள். வாடிக்கையாளர் எழுதியதில் இரண்டு வகைச் செய்தி இருந்தது. கை டைட், இரண்டு நாள் தாமதம் என்பவை கடையைப் பற்றியவை. எந்தத் துணியும் சேரவில்லை, கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை, அழுகை வந்தது என்பவை அவரைப் பற்றியவை. கடை தன்னைப் பற்றியதை வெட்டிவிட்டு, அவரைப் பற்றியதை ஊருக்குக் காட்டியது. செய்திருக்க வேண்டியது நேர் எதிர்.

குறையை வெட்டுவதால் படிப்பவர் ஏமாறுகிறார். எழுதியவருக்கும், தான் சொல்லாத முழுப் பாராட்டு ஒன்று தன் பெயரில் நிற்கிறது. வெட்டுவதற்கு எளிய அளவுகோல்: முழுவதையும் படித்தவருக்கும் வெட்டியதைப் படித்தவருக்கும் கடையைப் பற்றி ஒரே எண்ணம் வர வேண்டும். வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். எழுத்துப்பிழையையும் பேச்சு வழக்கையும் திருத்தக் கூடாது. திருத்தினால் அது கடை எழுதியதுபோல் தெரியும். இந்தப் பாராட்டு இப்படி வந்திருக்கலாம்:

"ப்ளவுஸ் சூப்பரா வந்துருக்குங்க அக்கா... கை மட்டும் கொஞ்சம் டைட்டுங்க, அரை இஞ்ச் பிரிக்கணும். ரெண்டு நாள் லேட்டாக் குடுத்தீங்க, பரவால்ல."

கீழே கடையின் பதில்: "கை பிரித்துக் கொடுத்துவிட்டோம். தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆரி வேலைக்கு நாங்கள் சொன்ன நாள் கணக்குப் போதவில்லை." புது வாடிக்கையாளருக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான்: சொன்ன நாளில் வருமா, சரியில்லை என்றால் பிரித்துத் தருவார்களா.

ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு பொறி. மேல்பட்டையில் பெயரோ எண்ணோ டிபியோ இருக்கும். கைபேசியின் மார்க்கர் பேனாவால் அடித்து மறைப்பவர்கள் பலர். அது பெரும்பாலும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து தெரிந்துவிடும். மறைக்க வேண்டாம், அந்தப் பட்டையையே வெட்டி எறியுங்கள். நடுவில் மறைக்க வேண்டியிருந்தால் நிறம் நிரம்பிய கட்டம் போடுங்கள்.

வாசகம்

"குண்டா இருந்தாலும் ஸ்லிம்மா காட்டும்" என்று எழுதியவர் தன் கட்டிங்கைப் புகழ்வதாகத்தான் நினைத்தார். அந்தப் பெண் படித்தது, தன்னைக் குண்டு என்று ஊருக்கு அறிவித்ததை. இப்படிப்பட்ட வாசகங்களை, வரி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை வைத்தே பிடித்துவிடலாம். ப்ளவுஸைப் பற்றியே பேசினால் பெரும்பாலும் பாதகமில்லை. உடுத்தியவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அடுத்த சொல் அவர் உடம்பைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ வயதைப் பற்றியோதான் வந்து நிற்கும். "மாநிறத்துக்கும் எடுப்பாக இருக்கும்" என்பதும் இந்த வகைதான். அந்த "கும்" போதும், காயப்படுத்த. வீட்டுப் பெயரையோ சாதிப் பெயரையோ சேர்த்து "இன்னார் வீட்டு விசேஷம்" என்று எழுதுவதும் கூடாது.

"இந்த அம்மாவைப் பாருங்க" என்பதில் உறவுச்சொல் இருந்தும் மரியாதை இல்லை. நேரில் "கண்ணு" என்று அழைப்பது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது, அது பொதுவெளிக்கு வர வேண்டியதில்லை. குறிப்பிட்டே ஆக வேண்டுமானால் "உடுத்தியிருப்பவர்" என்று எழுதினால் போதும். மாற்று வாசகம் இப்படி இருக்கலாம்:

"காதுகுத்துக்காகத் தைத்த மயில்கழுத்து நிறப் பட்டு ப்ளவுஸ். கழுத்திலும் கையிலும் ஆரி, சர்தோசி. 9 நாள் கைவேலை. பின்னால் பிரித்துக்கொள்ள இரு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டிருக்கிறோம். உடுத்தியிருப்பவரின் அனுமதியோடு."

பிரசவத்துக்குப் பிறகு வரும் பெண்களுக்கு இதில் தேவையான செய்தி அந்த ஒன்றரை இஞ்ச் துணி. உடம்பு ஏறி இறங்கும்போது ப்ளவுஸ் வீணாகாது. எடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் அது அவர்களுக்குப் புரிந்துவிடும். பாலூட்ட வசதியாக முன் கொக்கி வைத்ததை இந்த வாசகத்தில் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறோம். ஏன் முன் கொக்கி என்பது இன்னாருக்குத் தைத்தது என்று வரும்போது அவரது சொந்த விஷயம். அதைப் பொம்மை மேல் போட்ட ப்ளவுஸ் படத்தில் தாராளமாகச் சொல்லலாம்.

அவரே போட்டு, கடையைச் சேர்த்திருந்தால்?

இது வேறு வகை. வாடிக்கையாளர் தன் ஸ்டோரியில் கடையைக் குறிப்பிட்டால், கடைக்கு Add to your story என்று வரும். அதன் வழியாகப் பகிர்ந்தால் 24 மணி நேரத்தில் போய்விடும். அவர் போட்ட பதிவைப் பகிர்ந்தால், அவர் அதை நீக்கும்போது கடைப் பக்கத்தில் பகிர்ந்ததும் செயலிழக்கும். கட்டுப்பாடு அவரிடமே இருக்கிறது. அதே படத்தை இறக்கி மறுபடி ஏற்றினால் அந்தக் கட்டுப்பாடு அறுந்துவிடுகிறது. எனவே அதற்கு மேலே சொன்ன கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். குறிப்பிட்டார் என்பதே பதிவு போடவும் விளம்பரம் செய்யவும் அனுமதி ஆகாது. அவர் கணக்கு பூட்டிய கணக்காக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடும் பேச்சே வேண்டாம்.

எடுக்கச் சொன்ன பிறகு

கணவர் கேட்ட அன்று இரவே அந்தப் பெண் எழுதினார்: "அக்கா அந்தப் படத்த எடுத்துருங்க." கடைக்கார அம்மா "ஏன் கண்ணு, நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. காரணம் சொல்ல வேண்டிய கடமை எடுக்கச் சொன்னவருக்கு இல்லை. "சரிங்க, இப்பவே எடுக்கறோம்" என்பதே பதில்.

கடைக்கார அம்மா பதிவை Archive செய்தார். அது மறைக்கும், நீக்காது; யாராவது தவறுதலாக மீட்டுவிடலாம். Delete செய்தாலும் 30 நாள் Recently deleted-இல் இருக்கும், அங்கேயும் போய் நீக்க வேண்டும். பதிவு போன பிறகும் விளம்பரம் ஓடியது. படத்தைத் தனியாக ஏற்றிச் செய்த விளம்பரம் ஆகையால், Ads Manager-க்குள் போய் நிறுத்தினால்தான் நிற்கும். ஸ்டோரியாகப் போட்டது ஹைலைட்டில் இருந்தது. வாட்ஸாப் கேட்டலாக்கில் ஒன்று இருந்தது. துணி மொத்த வியாபாரி ஒருவர் தன் பக்கத்தில் எடுத்துப் போட்டிருந்தார். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது, ஏனென்றால் போட்ட இடங்களின் பட்டியல் யாரிடமும் இல்லை.

எல்லாம் எடுத்தபின் அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தியில் எடுத்தவை வரிசையாக இருக்க வேண்டும். எடுக்க முடியாததையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: "ஸ்டேட்டஸ்ல பாத்து யாராச்சும் சேவ் பண்ணிருந்தா அது எங்க கைல இல்லைங்க." முகத்தின் மேல் பூப் பொம்மை ஒட்டி அதே படத்தை மறுபடி போடும் கடைகளும் உண்டு. எடுக்கச் சொன்னார் என்றால் அந்தப் படம் முழுவதும் போக வேண்டும். சேலையையும் கம்மலையும் வைத்தே ஊர்க்காரர்கள் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

வாசலில் இருந்த ஃபிளெக்ஸைக் கழற்றி மடித்து மாடியில் போட்டார்கள். மழைக்கு அதை யாராவது கேட்டு வாங்கிப்போய் ஆட்டுக்கொட்டகைக்குக் கட்டினால் முகம் மறுபடி வெளியே வரும்; கிழித்துத்தான் போட வேண்டும். இன்னோர் இடம் பாக்கி இருந்தது. ஃபிளெக்ஸ் அச்சடித்த கடையின் கணினியில் அந்தக் கோப்பு அப்படியே இருந்தது, "டெய்லர் ஷாப் மாடல்" என்ற பெயரில், அடுத்து வரும் தையல்கடைக்காரருக்குக் காட்டுவதற்காக.